இரவு ஷிப்டில் படிக்கப்படும் நிரல்

ஒரு சாயப்பட்டறையை எடுத்துக்கொள்வோம். தரைத் தொட்டியிலிருந்து மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் நின்றுவிட்டது. மணி இரவு இரண்டு. மாடித் தொட்டி காலியானால் சாயமேறும் துணி அப்படியே வீணாகும். ஷிப்ட் எலக்ட்ரீஷியன் பேனலைத் திறந்து, மடிக்கணினியை பிஎல்சியுடன் இணைக்கிறார். பம்பை ஓட்டும் நிரலின் அந்த ஒரு வரி திரையில் இப்படி வருகிறது:

```
|--[ M21 ]--[ X2 ]--[ X3 ]--[/ X4 ]------( Y0 )--|
```

Y0 என்பது பம்பின் காண்டாக்டராக இருக்கலாம் என்று ஊகிக்க முடிகிறது. X2 எது, X3 எது? M21ஐ யார், எதற்காக எழுதினார்கள்? எழுதியவர் வேறு கம்பெனிக்குப் போய் மூன்று வருடம் ஆகிறது. எலக்ட்ரீஷியன் டெர்மினல் டெர்மினலாக ஒயரைத் தடவிப் பார்த்து ஒவ்வொன்றையும் கண்டுபிடிக்க வேண்டியதுதான். இத்தனைக்கும் நிரலில் பிழை எதுவும் இல்லை. இயந்திரத்துக்குப் புரியும்படி எழுதப்பட்டிருக்கிறது, ஆளுக்குப் புரியும்படி எழுதப்படவில்லை, அவ்வளவுதான்.

லேடர் மொழி பிறந்ததே இந்த எலக்ட்ரீஷியனுக்காகத்தான். 1968இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஹைட்ராமேட்டிக் பிரிவு, ரிலேக்கள் நிறைந்த பெரிய பேனல்களுக்கு மாற்று கேட்டது. கார் மாடல் மாறும்போதெல்லாம் அந்தப் பேனல்களின் ஒயர்களைப் பிடுங்கி மறுபடி கட்டுவது பெரும் செலவாக இருந்தது. டிக் மோர்லியின் குழு அதற்குக் கொடுத்த விடைதான் மோடிகான் 084. கணினி மொழி தெரியாத தொழிற்சாலை எலக்ட்ரீஷியன்களும் படிக்க வேண்டும் என்பதால், அவர்கள் அன்றாடம் பார்த்த ரிலே சர்க்யூட் படத்தையே நிரலாக்கினார்கள். இடது வலதாக இரண்டு செங்குத்துக் கோடுகள். நடுவில் ஏணிப்படி போல ரங்குகள். ஒவ்வொரு ரங்கிலும் இடப்பக்கம் நிபந்தனைகள், வலப்பக்கக் கடைசியில் விளைவு. நிபந்தனையைக் கான்டாக்ட் என்றும் விளைவைக் காயில் என்றும் இன்றும் ரிலே காலத்துப் பெயரிலேயே அழைக்கிறார்கள்.

இந்த மொழிக்கு 1993இல் ஐஇசி 61131-3 என்ற உலகத் தரம் வந்தது. எந்தக் குறி என்ன வேலை செய்யும் என்று அது சொல்கிறது. எதற்கு என்ன பெயர் வைக்கலாம், எதை எங்கே எழுதலாம் என்பதை எழுதுபவரிடமே விட்டுவிட்டது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் நிறுவனங்கள் தங்களுக்கென நடைக் கையேடு வைத்துக்கொள்கின்றன. பிஎல்சிஓபன் என்ற தொழில் அமைப்பு 2016இல் பொதுவான கோடிங் வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. சீமென்ஸ் தன் கன்ட்ரோலர்களுக்குத் தனியாக ஒன்று வைத்திருக்கிறது. கையேட்டின் பக்க எண்ணிக்கை முக்கியமில்லை. அதிலுள்ள நாலைந்து பழக்கங்கள் விடாமல் கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்பதுதான் கேள்வி. நமது பம்பை வைத்தே அவற்றைப் பார்த்துவிடலாம்.

முதலில் பெயர். தொழிற்சாலை வரைபடத்தில் அந்தப் பம்புக்கு ஏற்கெனவே P-101 என்று எண் இருக்கும். பம்பின் மேல் தகட்டிலும் அதே எண்தான். நிரலிலும் அதுவே முதலில் வர வேண்டும். அதன் பின்னால் சமிக்ஞையின் பெயர். `P101_RunCmd`, `P101_OL_OK` என்று எல்லாமே P101 என்று தொடங்கினால், மென்பொருளின் பட்டியலில் அந்தப் பம்பின் சங்கதிகள் அத்தனையும் அடுத்தடுத்து வந்து நிற்கும். `RunPump1`, `Pump1Overload`, `OverallPumpStart` என்று மனம்போனபடி வைத்தால் பட்டியல் முழுக்கச் சிதறிக் கிடக்கும். சில மென்பொருள்களில் பெயர் நீளத்துக்கும் வரம்பு உண்டு. ராக்வெல்லின் லாஜிக்ஸ் கன்ட்ரோலர்களில் 40 எழுத்துக்கு மேல் போக முடியாது. ஆகவே சுருக்கெழுத்து தவிர்க்க முடியாதது. ஆனால் ஓவர்லோடுக்கு OL என்றால் நிரல் முழுக்க OL தான். ஒரு இடத்தில் OVLD, இன்னொரு இடத்தில் Trip என்று மாறினால் தேடுபவர் தொலைந்தார்.

அதைவிட முக்கியமான விதி ஒன்று உண்டு: சமிக்ஞை 1 ஆக இருக்கும்போது எது உண்மையோ, அதையே பெயர் சொல்ல வேண்டும். மோட்டாரைக் காக்கும் ஓவர்லோட் ரிலேயைப் பாருங்கள். அதில் 95-96 என்று ஒரு ஜோடி முனை இருக்கும். மோட்டார் நலமாக இருக்கும்வரை அது மூடியிருக்கும், ட்ரிப் ஆனால் திறக்கும். அந்த ஜோடியைத்தான் பிஎல்சியின் X2வுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அதாவது X2 1 என்றால் கோளாறு இல்லை என்று பொருள். இதற்கு `P101_Overload` என்று பெயர் வைத்துவிட்டால் என்ன ஆகும்? திரையில் அந்தக் கான்டாக்ட் மூடியிருப்பதாகக் காட்டும். படிப்பவர் "ஓவர்லோட் வந்திருக்கு" என்று நினைத்து, நல்ல ரிலேயைப் போய் ரீசெட் செய்துகொண்டிருப்பார். `P101_OL_OK` என்று இருந்தால் அந்தக் குழப்பத்துக்கே இடமில்லை.

எமர்ஜென்சி ஸ்டாப்பிலும் இதே கதைதான். அந்தச் சிவப்புப் பொத்தான் அழுத்தாதபோது மூடியிருக்கும்படி ஒயர் செய்யப்படுகிறது. ஒயர் அறுந்தாலும் இயந்திரம் நின்றுவிட வேண்டும் என்பதற்காக. மின்சாரத்தை நேரடியாக வெட்டும் பாதுகாப்பு வேலையைத் தனி பாதுகாப்பு ரிலே பார்த்துக்கொள்ளும். சாதாரண பிஎல்சிக்குத் தகவல் மட்டும்தான் வரும். அந்தத் தகவலுக்கு `EStop` என்று பெயரிட்டால் 1 என்பது அழுத்தப்பட்டதா, அழுத்தப்படாததா என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் எழும். `EStop_OK` என்றால் எழாது. புதிதாக லேடர் படிப்பவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். வெளியே இருக்கும் பொத்தான் சாதாரணமாக மூடிய வகை என்பதால், நிரலிலும் குறுக்குக் கோடு போட்ட மூடிய கான்டாக்ட் குறியைப் போட வேண்டும் என்று நினைத்துவிடுகிறார்கள். இரண்டு மறுப்பு சேர்ந்து, பொத்தானை அழுத்தினால்தான் மோட்டார் ஓடும் என்ற விபரீதம் ஆகிவிடும். பெயர் OK என்று முடிந்தால், அதைக் குறுக்குக் கோடில்லாமல்தான் வைக்க வேண்டும் என்று கைக்கே தெரிந்துவிடும்.

நல்ல பெயர் வைக்க முயன்றால் சில சமயம் ஒயரிங்கின் பலவீனமும் வெளிப்படும். மாடித் தொட்டி நிறைந்தால் X4 1 ஆகிறது. முதல் வரியில் அதற்குக் குறுக்குக் கோடு போட்டிருப்பது அதனால்தான். பெயர் `OHT_Full`. இப்போது மாடிக்குப் போகும் ஒயர் வெயிலில் காய்ந்து அறுந்துவிட்டால்? X4 என்றைக்கும் 1 ஆகாது. நிரலின் கண்ணுக்குத் தொட்டி நிறையவே நிறையாது. தண்ணீர் மொட்டைமாடியில் வழிந்துகொண்டேயிருக்கும். மிதவையைத் திருப்பி ஒயர் செய்து, நிறைந்தால் சமிக்ஞை போய்விடும்படி வைத்தால், ஒயர் அறுந்ததும் பம்ப் நிற்கும். அதற்கு `OHT_NotFull` என்று மறுப்பை உள்ளடக்கிய பெயர் வைக்காமல் `OHT_Fill_OK` என்று வைப்பது நல்லது. மறுப்புப் பெயருக்கு மேல் ஒரு குறுக்குக் கோடும் விழுந்தால், தூக்கக் கலக்கத்தில் இருப்பவரால் அதைப் பிரித்துப் புரிந்துகொள்ள முடியாது.

பெயரில் இன்னொரு வேறுபாடும் வேண்டும். கட்டளை வேறு, நடப்பு வேறு. பிஎல்சி "ஓடு" என்று சொன்னது `P101_RunCmd`. காண்டாக்டர் உண்மையிலேயே இழுத்ததா என்பதை அதன் துணைக் கான்டாக்ட் 13-14 திருப்பிச் சொல்கிறது, அது `P101_RunFb`. இரண்டையும் பிரித்து வைத்தால், கட்டளை வந்து 3 செகண்ட் ஆகியும் பதில் வராதபோது `P101_FailToStart` என்று அலாரம் எழுப்பலாம். எலக்ட்ரீஷியனுக்கு அப்போதே பாதி வேலை முடிந்தது. கோளாறு நிரலில் இல்லை. அவுட்புட் ஃப்யூஸிலோ காண்டாக்டர் காயிலிலோ பதில் ஒயரிலோ இருக்கிறது. இரண்டுக்கும் சேர்த்து `Pump_On` என்று ஒரே பெயர் வைத்த நிரல், திரையில் பம்ப் ஓடுவதாகக் காட்டிக்கொண்டே தொட்டியைக் காலியாக விடும்.

அடுத்தது குறிப்புரை. பெரும்பாலான லேடர் நிரல்களில் குறிப்புரை இருக்கத்தான் செய்கிறது. "X3 வந்தால் Y0 ஓடும்" என்று இருக்கும். அதைத்தான் ரங்கே சொல்கிறதே! படிப்பவருக்குத் தெரியாதது அந்த நிபந்தனை ஏன் அங்கே வந்தது என்பது. தரைத் தொட்டியின் மிதவை கீழே இறங்கினால் பம்பை நிறுத்த வேண்டும். ஆனால் உடனே அல்ல, 8 செகண்ட் கழித்து. அந்த 8க்கு மேல் எழுத வேண்டிய குறிப்பு இப்படி இருக்கலாம்: "தரைத் தொட்டி மிதவை 8 செகண்ட் தொடர்ந்து இறங்கியிருந்தால்தான் பம்ப் நிற்கும். டேங்கர் தண்ணீர் கொட்டும்போது அலையில் மிதவை ஆடுகிறது. 3 செகண்ட் வைத்தபோது பம்ப் விட்டுவிட்டு ஓடியது. 15க்கு மேல் வைத்தால் பம்ப் காற்றை இழுக்கும்."

இந்த நான்கு வாக்கியம் இருந்தால், பின்னால் வருபவர் 8ஐப் பார்த்து "எதுக்கு இவ்வளவு?" என்று 2 ஆக்கமாட்டார், 30உம் ஆக்கமாட்டார். எண்ணுக்கு இருபக்கமும் வேலி போட்டாயிற்று. பக்கத்தில் தேதியும் மாற்றியவரின் முதலெழுத்தும் இருந்தால் இன்னும் நல்லது. 

டைமரின் அலகையும் சொல்லியே தீர வேண்டும். மிட்சுபிஷியின் எஃப்எக்ஸ்3யூ கன்ட்ரோலரில் T0 முதல் T199 வரை உள்ள டைமர்கள் 100 மில்லி செகண்ட் கணக்கு. T200 முதல் T245 வரை 10 மில்லி செகண்ட். இரண்டிலும் K80 என்று எழுதலாம். முதலாவதில் அது 8 செகண்ட், இரண்டாவதில் 0.8 செகண்ட். "டைமர் காலியா இருக்குன்னு T200ஐ எடுத்துப் போட்டேன்ணே" என்று சொல்பவருக்குப் பம்ப் ஏன் தடதடவென்று நின்று நின்று ஓடுகிறது என்பது விளங்காது. லாஜிக்ஸ் கன்ட்ரோலரில் டைமர் அளவு முழுக்க மில்லி செகண்டில்தான். அங்கே அதே 8 செகண்டுக்கு 8000 என்று எழுத வேண்டும். பல கம்பெனி கன்ட்ரோலர்கள் கலந்து இருக்கும் ஆலையில் குறிப்பில் "8 செகண்ட்" என்ற இரண்டு சொல் இருப்பது பெரிய உதவி.

குறிப்பே இல்லாததைவிட மோசமானது பொய்யாகிப்போன குறிப்பு. ரங்கை மாற்றியவர் மேலே இருந்த வாக்கியத்தை மாற்ற மறந்தால், அடுத்தவர் அந்த வாக்கியத்தை நம்பி ஒரு மணி நேரத்தை இழப்பார். அதனால் அடிக்கடி மாறும் விவரங்களைக் குறிப்பில் அள்ளித் திணிக்காமல், காரணத்தை மட்டும் எழுதுவதே புத்திசாலித்தனம். காரணங்கள் அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை.

இனி நிரலின் கட்டமைப்பு. இங்கே ஒரு பிழை மட்டும் எல்லா ஊரிலும் எல்லாக் கன்ட்ரோலரிலும் திரும்பத் திரும்ப வருகிறது. பம்ப் முதலில் ஆட்டோவில் மட்டும் ஓடியது என்று வையுங்கள். பிறகு ஆலையில் "மேனுவலும் வேணும்" என்று கேட்டார்கள். வந்த இன்ஜினியர் பழைய ரங்கைத் தொடப் பயந்து, நிரலின் கடைசியில் புதிதாக ஒன்று சேர்த்தார்:

```
|--[ Mode_Auto ]--[ P101_AutoReq ]------( P101_RunCmd )
   ... 60 rungs ...
|--[ Mode_Man  ]--[ P101_ManReq  ]------( P101_RunCmd )
```

பிஎல்சி வேலை செய்யும் விதம் எளிது. இன்புட்டுகளை எல்லாம் படிக்கிறது. ரங்குகளை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகக் கணக்கிடுகிறது. கடைசியில் அவுட்புட்டுகளுக்கு முடிவை அனுப்புகிறது. சில மில்லி செகண்டில் ஒரு சுற்று முடிந்து மறுபடி முதலிலிருந்து. மேலே உள்ள நிரலில் ஆட்டோவில் இருக்கும்போது முதல் ரங் `P101_RunCmd`ஐ 1 ஆக்குகிறது. கடைசி ரங்கில் `Mode_Man` 0 என்பதால் அதே பெயரை அது 0 ஆக்கிவிடுகிறது. வெளியே போவது கடைசியில் எழுதியதுதான். மேனுவலில் ஓடும் பம்ப், ஆட்டோவில் ஓடவே ஓடாது.

அறிகுறி தெளிவானது, தெரிந்தவருக்கு. "அண்ணே, கான்டாக்ட் எல்லாம் மூடித்தான் இருக்கு, காயில் மட்டும் வரமாட்டேங்குது" என்று யாராவது சொன்னால், முதலில் பார்க்க வேண்டியது அதே காயில் வேறெங்காவது எழுதப்பட்டிருக்கிறதா என்பது. எல்லா மென்பொருளிலும் கிராஸ் ரெஃபரன்ஸ் என்ற பட்டியல் உண்டு. ஒரு பெயர் எந்தெந்த ரங்கில் வருகிறது என்று அது காட்டும். மிட்சுபிஷியின் ஜிஎக்ஸ் ஒர்க்ஸில் நிரல் சோதனையில் இரட்டைக் காயிலைத் தேடும் வசதி இருக்கிறது. லாஜிக்ஸ் மென்பொருள் சரிபார்க்கும்போதே எச்சரிக்கும். ஆனால் அது எச்சரிக்கைதான், பிழை அல்ல. அதனால் பலர் கண்டுகொள்ளாமல் இறக்கிவிடுகிறார்கள்.

எனவே நடைக் கையேட்டில் ஒரே ஒரு விதிதான் எழுத இடம் இருக்கிறது என்றால், எழுத வேண்டியது இதுதான்: ஒரு அவுட்புட்டுக்கு ஒரே காயில். யாருக்கு அந்தப் பம்ப் வேண்டுமானாலும் கோரிக்கை வைக்கலாம்; முடிவு ஒரே இடத்தில். அப்படி எழுதினால் நமது பம்ப் மூன்று ரங்கில் அடங்கிவிடும்:

```
|--[ P101_OL_OK ]--[ EStop_OK ]--[ Sump_Level_OK ]--( P101_Permit )

|--[ Mode_Auto ]--[ P101_AutoReq ]--[ OHT_Fill_OK ]--+--( P101_Req )
|--[ Mode_Man  ]--[ P101_ManReq  ]-------------------+

|--[ P101_Req ]--[ P101_Permit ]--------------------( P101_RunCmd )
```

முதல் ரங் ஓட அனுமதி இருக்கிறதா என்று கேட்கிறது. இரண்டாவது, ஓடச் சொல்லி யாராவது கேட்டார்களா என்று பார்க்கிறது. மூன்றாவது இரண்டையும் சேர்க்கிறது. பம்ப் நின்றால் எலக்ட்ரீஷியன் மூன்றாவது ரங்கைத்தான் முதலில் திறப்பார். `P101_Permit` விழுந்திருந்தால் முதல் ரங்குக்குப் போவார், `P101_Req` விழுந்திருந்தால் இரண்டாவதுக்கு. எட்டு கான்டாக்டும் இரண்டு கிளையும் கொண்ட ஒரே நீள ரங்காக இதையே எழுதியிருந்தால், திரையை இடமும் வலமும் தள்ளித் தள்ளிப் பார்த்தே கண் பூத்துப்போகும். ஒரு ரங் திரை அகலத்துக்குள் அடங்க வேண்டும் என்ற விதி அழகுக்காக வந்ததல்ல.

மேனுவலில் `OHT_Fill_OK` இல்லை என்பதைக் கவனித்திருக்கலாம். மேனுவலில் ஓட்டுபவர் தொட்டியைத் தானே பார்த்துக்கொள்வார் என்று இங்கே முடிவெடுத்திருக்கிறார்கள். அது சரியா தவறா என்று விவாதிக்கலாம். ஆனால் கண்ணில் படும்படி எழுதப்பட்டிருப்பதால்தான் விவாதிக்கவே முடிகிறது. அந்த இடத்திலும் "மேனுவலில் வேண்டுமென்றே விடப்பட்டது" என்று ஒரு வரி குறிப்பு தேவை. இல்லையென்றால் விட்டுப்போனதா, விட்டதா என்று யாருக்கும் தெரியாது.

இந்த ஒழுங்கைக் குலைப்பதில் முதலிடம் தற்காலிக பைபாஸுக்கு. தரைத் தொட்டி மிதவை கெட்டுவிட்டது, மாற்று காலையில்தான் வரும். அன்றிரவு ஓட வேண்டுமே என்று ஒருவர் `Sump_Level_OK`க்கு இணையாக M8000 என்ற கான்டாக்டைப் போடுகிறார். எஃப்எக்ஸ் கன்ட்ரோலரில் M8000 என்பது ரன்னில் இருக்கும்வரை எப்போதும் 1 ஆக இருக்கும். பம்ப் ஓடுகிறது. காலையில் மிதவை மாற்றப்படுகிறது, கான்டாக்டை எடுக்க யாருக்கும் நினைவில்லை. மாதக்கணக்கில் ஒன்றும் ஆகாது. கோடையில் தொட்டி வற்றும் ஒரு நாளில் பம்ப் வறண்டு ஓடி சீல் எரியும். பைபாஸே கூடாது என்று கையேட்டில் எழுதினால் யாரும் கேட்கப்போவதில்லை. ஆலை ஓடியாக வேண்டும். அதற்கு வழியை முன்கூட்டியே அமைத்துக் கொடுப்பதே நடைமுறை. `Sump_Level_Byp` என்று பெயரிட்ட ஒரு பிட், அது போடப்பட்டிருக்கும்வரை ஆபரேட்டர் திரையில் எரியும் ஒரு அலாரம், ஒரு ஷிப்ட் முடிந்ததும் தானே விழும்படி ஒரு டைமர். எமர்ஜென்சி ஸ்டாப் போன்ற ஆள் பாதுகாப்புக்கு மட்டும் இந்த வசதி கிடையாது.

செட், ரீசெட் காயில்களிலும் கவனம் தேவை. சில கன்ட்ரோலர்களில் செட் செய்த பிட், மின்சாரம் போய் வந்தாலும் 1 ஆகவே இருக்கும்; லாஜிக்ஸின் லாட்ச் அப்படிப்பட்டது. மின்தடை முடிந்ததும் யாரும் பொத்தானைத் தொடாமலேயே பம்ப் சீறிக்கொண்டு கிளம்பும், அந்த நேரம் யாராவது அதைக் கழற்றிக்கொண்டிருந்தாலும்கூட. தன் சொந்தக் கான்டாக்டால் தன்னைப் பிடித்துக்கொள்ளும் பழைய ரிலே முறையில் எழுதினால், மின்சாரம் போனதும் பிடி விட்டுவிடும். மறுபடி ஸ்டார்ட் கொடுத்தால்தான் ஓடும். செட் வேண்டிய இடமும் உண்டு, கோளாறு ஒன்றை ரீசெட் செய்யும்வரை நினைவில் வைப்பது போல. அங்கே செட்டும் ரீசெட்டும் அடுத்தடுத்த ரங்கில் இருக்கட்டும். ஒன்று 12ஆவது ரங்கிலும் மற்றது 190ஆவதிலும் இருந்தால், அந்த பிட் ஏன் விழுந்தது என்று தேடுபவர் பாவம்.

இன்புட்டுகளை நேரடியாகப் பயன்படுத்தாமல், X2ஐ ஒரே ஒரு ரங்கில் `P101_OL_OK`க்கு மாற்றிவிட்டு, மற்ற இடமெல்லாம் பெயரையே பயன்படுத்தும் வழக்கம் ஒன்று உண்டு. கார்டில் ஒரு முனை எரிந்துபோனால் ஒயரைக் காலியான X15க்கு மாற்றி, அந்த ஒரு ரங்கை மட்டும் திருத்தினால் போதும். பெயரையே முகவரியோடு இணைக்க விடும் மென்பொருள்களில் இந்தக் கூடுதல் ரங் தேவையில்லை. அங்கே அது ஒரு படி அதிகத் தேடல்தான்.

இவ்வளவு கவனமாக வைத்த பெயரும் குறிப்பும் எங்கே இருக்கின்றன என்பதைப் பலர் யோசிப்பதில்லை. பழைய எஸ்எல்சி 500 கன்ட்ரோலரில் அவை பிஎல்சிக்குள் போவதே இல்லை; நிரல் எழுதிய கணினியின் கோப்பில்தான் இருக்கும். கோப்பு இல்லாமல் பிஎல்சியிலிருந்து நிரலை இழுத்தால் வெறும் முகவரிகள்தான் வரும். சீமென்ஸ் எஸ்7-1200, 1500 வகைகளில் பெயரும் குறிப்பும் கன்ட்ரோலரிலேயே சேமிக்கப்படுகின்றன. மிட்சுபிஷி எஃப்எக்ஸில் இறக்கும்போது குறிப்புகளையும் சேர்த்து இறக்குவது தனித் தேர்வு; அது பிஎல்சியின் நினைவகத்தில் கொஞ்சம் இடம் பிடிக்கும். இடம் இருக்கும்வரை அந்தக் கட்டத்தில் டிக் போட்டே இறக்க வேண்டும். ஒப்பந்தக்காரரிடமிருந்து இயந்திரத்தை ஏற்கும் நாளில், அவருடைய மடிக்கணினியில் அல்லாமல் ஆலையின் சொந்தக் கணினியில் பிஎல்சியை இணைத்து நிரலை இழுத்துப் பார்ப்பது நல்ல சோதனை. `P101_OL_OK` என்று திரையில் வந்தால் கையெழுத்துப் போடலாம். X2 என்று மட்டும் வந்தால், மூலக் கோப்பை வாங்கும்வரை கடைசித் தவணையை நிறுத்தி வைக்கலாம்.